கவுண்டரில் இருப்பவருக்கு எந்த டிக் போடலாம், எதை எடுக்கலாம்? பில்லிங் மென்பொருளில் பணியாளர் கணக்குகள்

கணக்குப்புள்ளி எழுதியது:

சின்னக் கடை. நான், கவுண்டரில் மாறி மாறி இரண்டு பேர், சரக்கு இறக்கிப் பதிவு போட ஒருவர், மாதம் இரண்டு முறை வந்துபோகும் கணக்காளர். இதுவரை எல்லாருக்கும் ஒரே அட்மின் லாகின்தான். கடவுச்சொல் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது, சிரிக்க வேண்டாம்.

இப்போது ஆளுக்கொரு பயனர் உருவாக்கலாம் என்று உட்கார்ந்தால், ஒவ்வொருவருக்கும் முப்பத்துச் சொச்சம் டிக் பெட்டிகள் வந்து நிற்கின்றன. பில் திருத்தம், பில் ரத்து, தள்ளுபடி, விலை மாற்றம், இருப்புச் சரிசெய்தல், பேக்கப், ரிஸ்டோர் என்று போய்க்கொண்டே இருக்கிறது. எல்லாரும் பழகிய ஆட்கள், நம்பிக்கைக்குக் குறைவில்லை. எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டால் நிஜமாகவே என்ன கெட்டுப்போகும்? தேவையானது மட்டும் கொடு என்கிறார்கள். எது தேவை என்று யார் சொல்வது?

---

வேகவிரல் எழுதியது:

இதுக்கு இவ்வளவு யோசனையே வேண்டாம் சார். "பில் டெலிட்" டிக்கை மட்டும் எடுத்துடுங்க, மத்ததெல்லாம் அப்படியே விடுங்க. டெலிட் இல்லைன்னா திருட முடியாது. ராத்திரி கல்லாப் பணத்தை எண்ணிப் பாருங்க, மென்பொருள் காட்டுற தொகையோட ஒத்துப்போனா எல்லாம் சரி. மேல ஒரு கேமரா இருந்தா முடிஞ்சுது கதை.

---

நாலாவதுபயனர் எழுதியது:

ஐந்து பேருக்கு ஐந்து லைசென்ஸ் எடுக்கத் தேவையில்லை. பல மென்பொருள்களில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதற்குத்தான் கட்டணம். இரண்டு எடுத்தால் போதும்.

---

கணக்குப்புள்ளி எழுதியது:

@நாலாவதுபயனர் நன்றிங்க, ஆனால் கேள்வி லைசென்ஸ் எண்ணிக்கை பற்றியது இல்லை. யாருக்கு எந்த உரிமை என்பதுதான்.

---

சாவிக்கொத்து எழுதியது:

வேகவிரல் சொன்னதில் டெலிட்டை எடுப்பது சரி. ராத்திரி கல்லா ஒத்துப்போனால் எல்லாம் சரி என்பதுதான் தப்பு. பெரும்பாலான கடைகள் ஏமாறும் இடமே அதுதான். ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம்.

மாலை 7.40. வாடிக்கையாளர் மூன்று பொருள் எடுக்கிறார், மொத்தம் 1,200. ரொக்கம் கொடுக்கிறார், பில் எண் 318 அச்சாகிறது, வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். 7.55-க்கு கவுண்டரில் இருப்பவர் 318-ஐத் திறந்து, "வாடிக்கையாளர் வேண்டாம் என்றார்" என்று காரணம் போட்டு ரத்து செய்கிறார். மென்பொருள் என்ன செய்யும்? அன்றைய விற்பனையில் 1,200 குறைக்கும். கல்லாவில் இருக்க வேண்டிய ரொக்கத்திலும் 1,200 குறைக்கும். மூன்று பொருளையும் இருப்பில் திரும்பச் சேர்க்கும். இப்போது அவர் கல்லாவிலிருந்து 1,200 எடுத்துக்கொண்டால், ராத்திரி நீங்கள் எண்ணும்போது கணக்கு ஒரு காசு பிசகாமல் ஒத்துப்போகும். ஒத்துப்போவதற்காகத்தானே ரத்தே செய்தது.

அப்படியானால் இது எங்கே வெளியே தெரியும்? அலமாரியில். மென்பொருள் 17 இருக்கிறது என்னும், எண்ணினால் 16 இருக்கும். மூன்று பொருளிலும் ஒவ்வொன்று குறையும். கல்லாவில் மறைந்தது இருப்பில் தலைகாட்டுகிறது.

இனிமேல்தான் உங்கள் கேள்விக்குப் பதில். எல்லா டிக்கும் போட்ட கணக்கில் அதே ஆளுக்கு "இருப்புச் சரிசெய்தல்" உரிமையும் இருக்கும். மூன்று பொருளிலும் "சேதம்" என்று ஒவ்வொன்று கழித்துவிட்டால் அலமாரியும் கணினியும் ஒத்துப்போகும். கல்லா சரி, இருப்பும் சரி, 1,200 மட்டும் இல்லை. எந்த அறிக்கையைத் திறந்தாலும் சிவப்பாக ஒன்றும் தெரியாது.

அதனால் முப்பது டிக்கையும் தனித்தனியாகப் பார்த்து இது ஆபத்தா இல்லையா என்று மண்டையை உடைக்காதீர்கள். எந்த இரண்டு ஒரே கையில் சேரக்கூடாது என்று பாருங்கள். முதல் ஜோடி இதுதான், பில் ரத்தும் இருப்புச் சரிசெய்தலும். கவுண்டருக்கு ரத்து உரிமையை எடுக்கவே முடியாத நிலை என்றால்கூட, இருப்புச் சரிசெய்தலை அவரிடம் கொடுக்காமல் இருந்தாலே தடம் மிஞ்சும். சரக்குப் பதிவு செய்பவருக்கு நேர்மாறாக, இருப்பைத் தொடலாம், பில் திரையே அவருக்குத் திறக்கக் கூடாது.

---

வேகவிரல் எழுதியது:

சரி, கல்லா விஷயம் ஒத்துக்கறேன். அப்போ ரத்தையும் டெலிட்டையும் கவுண்டர்ல இருந்து எடுத்துட்டா வேலை முடிஞ்சுது இல்லையா? எதுக்கு ஜோடி, பொருத்தமெல்லாம்?

---

சாவிக்கொத்து எழுதியது:

முடியாது. ரத்து செய்யும் வேலையையே வேறு பெயரில் செய்யும் வழிகள் இருக்கின்றன. ஒரு கதவைப் பூட்டினால் பக்கத்துக் கதவு திறந்திருக்கும்.

பில் திருத்தம் முதலாவது. 318-ஐ ரத்து செய்யாமல், அதிலுள்ள மூன்று பொருளில் இரண்டை எடுத்துவிட்டுச் சேமித்தால் போதும். ரத்துப் பட்டியலில் வராது, பில் எண் வரிசையிலும் ஓட்டை இருக்காது. என் கணக்கில் ரத்தைவிட இதுதான் மோசம், ஏனென்றால் ரத்தை யாராவது ஒருநாள் பார்ப்பார்கள், திருத்தத்தை யாரும் பார்ப்பதில்லை. பில் அச்சான பிறகு திருத்தும் உரிமை கவுண்டருக்கு வேண்டவே வேண்டாம். அச்சாவதற்கு முன்னால் என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும்.

இரண்டாவது, பில் எண் கேட்காமல் "திரும்பப் பெறுதல்" போடுவது. யாரும் எதையும் திருப்பித் தரவில்லை, ஆனால் ரொக்கம் வெளியே போகிறது. பழைய பில் எண் இல்லாமல் இந்தத் திரை சேமிக்கக் கூடாது என்று அமைப்பில் ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். எந்த வழியில் பணம் வந்ததோ அதே வழியில்தான் திரும்பிப் போகும் என்ற தேர்வும் இருந்தால் இன்னும் நல்லது. அட்டையில் கட்டிய பில்லுக்கு ரொக்கம் எடுக்க முடியாது.

மூன்றாவதை யாரும் கவனிப்பதே இல்லை. எஸ்டிமேட், கொட்டேஷன் என்று ஒரு அச்சு இருக்கும். பில் மாதிரியே கடை பெயர், பொருள், மொத்தம் எல்லாம் வரும், மேலே சின்ன எழுத்தில் "மதிப்பீடு" என்று மட்டும் இருக்கும். அதைக் கையில் கொடுத்துப் பணம் வாங்கினால், பில்லே போடப்படவில்லை. ரத்து செய்ய ஒன்றுமில்லை, திருத்த ஒன்றுமில்லை, பில் எண்ணும் ஓடவில்லை. நிறுத்தி வைத்த பில்லும் இதே ரகம்தான். தொகையைத் திரையில் காட்டிப் பணத்தை வாங்கிவிட்டு, ஹோல்டில் போட்டு, பிறகு அதை அழித்துவிடலாம். ஹோல்ட் போடுவது கவுண்டருக்குத் தேவை. ஹோல்டில் இருப்பதை அழிப்பது தேவையில்லை. மதிப்பீட்டு அச்சு வேண்டுமென்றால் உங்கள் கணக்கிலிருந்து மட்டும் வரட்டும்.

இதிலும் கடைசியில் அலமாரிதான் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் இருப்புச் சரிசெய்தலைக் கவுண்டரிலிருந்து பிரிப்பதை முதலில் சொன்னேன்.

---

கவுண்டர்2 எழுதியது:

கவுண்டர்ல நிக்கிற ஆள் பக்கத்துல இருந்தும் கொஞ்சம் கேளுங்க. ஒரே பொருள் ரெண்டு தடவ ஸ்கேன் ஆயிடும். பின்னாடி ஆறு பேர் நிப்பாங்க. அந்த ஒரு வரிய எடுக்க ஓனர் வரணும்னா, ஓனர் மாடியில இருந்து "என் பின் நம்பர் போட்டுக்கோ"ன்னு கத்துவாரு. ஒரு வாரத்துல அந்த நாலு நம்பர் எல்லாருக்கும் மனப்பாடம். அப்புறம் எத்தனை டிக் எடுத்தா என்ன?

இன்னொண்ணு. ஒரே லாகின்ல ரெண்டு பேர் வேல செஞ்சா, பணம் கொறஞ்சா ரெண்டு பேர் மேலயும் சந்தேகம். தப்பு செய்யாதவனுக்கு நான் செய்யலைன்னு காட்ட ஒரு வழியும் கெடையாது. தனி லாகின் வேணும்னு கேக்குறது ஓனர் மட்டும் இல்ல, நாங்களும்தான்.

---

சாவிக்கொத்து எழுதியது:

இழையிலேயே முக்கியமான பதிவு இது. உரிமையைக் கண்மண் தெரியாமல் இறுக்கினால், பூட்டு அப்படியே இருக்கும், சாவி ஊரெல்லாம் சுற்றும்.

"ஒரு வரியை நீக்குதல்" என்பதும் "பில் ரத்து" என்பதும் வேறு வேறு. பணம் வாங்கி அச்சாவதற்கு முன் வரி நீக்குவதைக் கவுண்டருக்குத் தாராளமாகத் திறந்துவிடுங்கள். மென்பொருள் அதைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டால் போதும். எதற்கெல்லாம் அனுமதி வேண்டும் என்பதை ஊகிக்காமல் எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு வாரம் கவுண்டர் பக்கத்தில் ஒரு தாளை வையுங்கள். யாராவது உங்களைக் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் எதற்காக என்று ஒரு கோடு. வார முடிவில் தள்ளுபடிக்கு 40 கோடு, ரத்துக்கு 3 கோடு என்று வந்தால், தள்ளுபடிக்கு நீங்கள் வர வேண்டியதில்லை. 5 சதவீதம் வரை கவுண்டரே தரலாம், அதற்கு மேல் அனுமதி என்று வரம்பு வையுங்கள். ரத்து வாரம் மூன்றுதான் என்றால் அதற்கு நீங்கள் இறங்கி வருவது பெரிய பாரம் இல்லை.

வரம்பு வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில மென்பொருள்களில் தள்ளுபடி வரம்பு வரிக்கு ஒன்று, மொத்த பில்லுக்கு ஒன்று என்று தனித்தனி. ஒன்றை மட்டும் அமைத்தால் மற்றது 100 சதவீதம் வரை திறந்தே கிடக்கும். "விலை மாற்றம்" டிக் போட்டிருந்தால் இரண்டும் வீண். தள்ளுபடி என்ற பெயரே இல்லாமல் 500-ஐ 50 ஆக்கிவிடலாம்.

பின் நம்பர் பற்றி. நாலு இலக்கம் என்றால் 10,000 சேர்க்கைகள், ஊகித்துக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு ஒருமுறை போதும். உங்கள் மென்பொருளில் அனுமதிக் கோரிக்கை கைபேசிக்கு வரும் வசதி இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அனுமதி தருவதற்கென்றே தனிப் பயனர் ஒன்றை உருவாக்குங்கள். ரத்துக்கும் கூடுதல் தள்ளுபடிக்கும் மட்டும் அதற்கு உரிமை, அமைப்புகள், பயனர் நிர்வாகம், ரிஸ்டோர் எதுவும் கிடையாது. அந்தப் பின் வெளியே தெரிந்தாலும் போவது அந்த இரண்டு உரிமைதான், பின்னை மாற்றிவிட்டால் முடிந்தது. அட்மின் கடவுச்சொல்லைக் கவுண்டர் கணினியில் தட்டவே தட்டாதீர்கள்.

இன்னொரு பழக்கம் உண்டு. அவசரத்துக்குக் கவுண்டரில் அட்மினாக லாகின் செய்து ரத்து செய்துவிட்டு, வெளியேறாமல் போய்விடுவது. அதற்குப் பிறகு அன்று முழுக்க நடப்பதெல்லாம் முதலாளி பெயரில் பதிவாகும். அனுமதிப் பெட்டியில் பின் போடுவது வேறு, லாகின் மாறுவது வேறு. முன்னதில் அந்த ஒரு செயலோடு உரிமை தீர்ந்துவிடும்.

---

பேரேடு எழுதியது:

கணக்காளர் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு. எங்களுக்குப் பார்வையிடும் உரிமை மட்டும் போதாது. தவறான வரி விகிதத்தில் போட்ட பில், தவறான வாடிக்கையாளர் பெயரில் போட்ட பில் எல்லாம் மாதக் கடைசியில்தான் கண்ணில் படும். ஒவ்வொன்றுக்கும் முதலாளியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. வெளியிலிருந்து வந்துபோகும் எங்களுக்கும் கல்லாவுக்கும் சம்பந்தமே இல்லை. திருத்த உரிமை தருவதில் என்ன ஆபத்து?

---

சாவிக்கொத்து எழுதியது:

ஆபத்து உங்கள் மேல் இல்லை, உங்கள் லாகின் மேல். அது பல கடைகளைப் பார்க்கும் ஒரு அலுவலகக் கணினியில் சேமித்துக் கிடக்கும், உதவியாளர்களும் அதே கடவுச்சொல்லைப் பயன்படுத்துவார்கள். இன்னொன்று, வாடிக்கையாளர் கையில் இருக்கும் தாளும் கணினியில் இருக்கும் பில்லும் வேறாகிவிடும். 318 என்று அவரிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று. தவறைப் பழைய பில்லுக்குள் போய்த் திருத்தாமல், கிரெடிட் நோட் போட்டுப் புதுப் பில் போடுங்கள். இரண்டும் கண்முன் நிற்கும். கணக்காளருக்குப் பார்வை, ஏற்றுமதி, கிரெடிட் நோட் உருவாக்கம் மூன்றும் போதும் என்பேன். அதோடு மாதக் கணக்கு முடிந்ததும் பூட்டுத் தேதி போட்டுவிட வேண்டும், அந்தத் தேதிக்கு முந்தைய எதையும் யாரும் தொட முடியாது.

---

பேரேடு எழுதியது:

பூட்டுத் தேதி சரி. ஆனால் வெறும் பெயர் எழுத்துப்பிழைக்கெல்லாம் கிரெடிட் நோட் என்றால் மாதத்துக்கு இருபது சேர்ந்துவிடும், பிறகு அறிக்கை படிக்க முடியாது. தொகையும் வரியும் மாறாத திருத்தத்துக்குத் தனி உரிமை தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. அதையாவது கொடுங்கள். நான் இதில் ஒத்துப்போகவில்லை.

---

சாவிக்கொத்து எழுதியது:

அப்படிப் பிரித்துத் தரும் மென்பொருள் என்றால் கொடுக்கலாம். பிரிக்காமல் ஒரே டிக்காக வைத்திருந்தால் என் பதில் மாறாது.

---

பழுதுபார்ப்பு எழுதியது:

எங்களுடையது சர்வீஸ் கடை, பொருள் விற்பனை குறைவு. இருப்பு எண்ணிக் கண்டுபிடிக்கும் கதையெல்லாம் எங்களுக்குப் பொருந்தாது, கூலிக்கு ஏது அலமாரி? வேலை அட்டை மட்டும்தான். அப்புறம் எங்களுக்குப் பெரிய பயம் வாடிக்கையாளர் எண்கள்தான். வேலையை விட்டுப் போகிறவர் முழுப் பட்டியலையும் எக்ஸெல்லில் இறக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது?

---

சாவிக்கொத்து எழுதியது:

கூலிக்கு அலமாரி இல்லை என்பது உண்மை, அங்கே நான் சொன்னது பாதிதான் வேலை செய்யும். பொருளை உள்ளே வாங்கும்போதே எண் போட்ட வேலை அட்டை திறந்து, அட்டையை மூடவோ அழிக்கவோ கவுண்டருக்கு உரிமை இல்லாமல் வைத்தால், "பொருள் வெளியே போய்விட்டது, அட்டை திறந்தே இருக்கிறது" என்பது உங்களுக்கு இருப்புக் குறைவு மாதிரி வேலை செய்யும். உள்ளே வாங்கும்போதே அட்டை திறக்காவிட்டால் இதுவும் பிடிக்காது.

பட்டியல் விஷயத்தில், வாடிக்கையாளரை எண் கொடுத்துத் தேடுவது ஒன்று, முழுப் பட்டியலைப் பார்ப்பது இன்னொன்று, ஏற்றுமதி மூன்றாவது. கவுண்டருக்கு முதலாவது மட்டும் போதும். ஆனால் அறிக்கைத் திரையில் தனியாக ஒரு ஏற்றுமதிப் பொத்தான் இருக்கும், அதற்கு வேறு டிக். அதையும் தேடிப் பிடியுங்கள். திரையைப் படம் எடுத்துக்கொண்டு போவதை எந்த டிக்கும் தடுக்காது.

வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அழிக்க வேண்டாம், முடக்குங்கள். சில மென்பொருள்களில் பயனரை அழித்தால் பழைய பதிவுகளில் அவர் பெயர் இருந்த இடம் காலியாகிவிடும். கைபேசிச் செயலியில் லாகின் செய்திருந்தால், கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்தச் சாதனம் உள்ளேயே இருக்கலாம். சாதனப் பட்டியலுக்குப் போய் தனியாக நீக்க வேண்டும்.

---

வேகவிரல் எழுதியது:

கேமராவும் வேண்டாம், கல்லா எண்ணுறதும் வேண்டாம்னு சொல்றீங்களா?

---

சாவிக்கொத்து எழுதியது:

வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? கேமரா, பதிவேட்டில் இருக்கும் நேரத்தோடு சேர்ந்தால் நல்ல சாட்சி. 7.55-க்கு ரத்து, அந்த நேரத்துக் காட்சியில் கவுண்டர் முன் யாருமே இல்லை என்றால் கேட்க ஒரு கேள்வி கிடைக்கிறது. எந்த நேரம் பார்ப்பது என்று தெரியாமல் பன்னிரண்டு மணி நேரக் காட்சியை யாரும் பார்க்கப் போவதில்லை.

கல்லாவை எண்ணுங்கள். ஆனால் கவுண்டரில் இருப்பவர், எவ்வளவு இருக்க வேண்டும் என்ற தொகையைப் பார்க்காமல் எண்ணி உள்ளிட வேண்டும். "எதிர்பார்க்கும் ரொக்கத்தைக் காட்டு" என்ற டிக்கை எடுத்தால் போதும். தெரிந்தால் எண்ணுவதில்லை, திரையில் இருப்பதை அப்படியே எழுதுவார்கள். நாள் தவறாமல் ஒத்துப்போகும் கல்லாவைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும், சில்லறை கொடுப்பதில் சின்னப் பிசகாவது எப்போதாவது இருக்க வேண்டும்.

---

கணக்குப்புள்ளி எழுதியது:

நிறைய தெளிந்தது. ஒரு சந்தேகம். மென்பொருளுக்குள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம். கவுண்டர் கணினியில் விண்டோஸ் ஒரே கணக்குதான், அதுவும் அட்மின். பில்லிங் தகவலும் அதே கணினியில்தான் இருக்கிறது. அதில் ஏதாவது இருக்கிறதா?

---

சாவிக்கொத்து எழுதியது:

இருக்கிறது. மென்பொருளுக்குள் போட்ட பூட்டெல்லாம் மென்பொருள் வழியாக வருகிறவருக்குத்தான்.

மதியம் 2 மணிக்கு எடுத்த பேக்கப்பை ராத்திரி 9-க்கு ரிஸ்டோர் செய்தால், இடையில் போட்ட எல்லா பில்லும் காணாமல் போகும், இருப்பும் 2 மணி நிலைக்குத் திரும்பும். ரிஸ்டோர் உரிமை இல்லாதவர்கூட தகவல் கோப்புறையை மதியம் நகலெடுத்து வைத்து, ராத்திரி மேலே ஒட்டினால் அதே பலன்தான். இதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு, பில் எண் திரும்ப வரும். மதியத்துக்குப் பிறகு 290-லிருந்து 340 வரை போயிருந்தால், மறுநாள் மறுபடி 290-லிருந்து தொடங்கும். வாடிக்கையாளர் கொண்டுவரும் 318-க்கும் கணினியில் இருக்கும் 318-க்கும் தேதியே வேறாக இருக்கும். தினமும் மூடும்போது கடைசி பில் எண்ணை ஒரு நோட்டில் கையால் எழுதி வையுங்கள், காலையில் முதல் எண் அதற்கு அடுத்ததுதானா என்று பாருங்கள். பத்து நொடி வேலை. மூடுவதற்கு முன்பே ரிஸ்டோர் செய்து, அதன்பிறகு பத்து பில் போட்டார்கள் என்றால் மூடும்போது எழுதுவது மட்டும் பிடிக்காது, அதனால் பகலிலும் மாலையிலும் இடையிடையே எழுதி, எண் எங்காவது பின்னால் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

கவுண்டருக்கு விண்டோஸில் சாதாரணக் கணக்கு ஒன்று உருவாக்குங்கள். அட்மினாகத் திறந்த கட்டளைச் சாளரத்தில்:

```
net user counter1 * /add
net localgroup Administrators
```

முதல் வரி கடவுச்சொல்லைக் கேட்டுக் கணக்கை உருவாக்கும். இரண்டாவது அட்மின் குழுவில் யார் யார் என்று காட்டும். அதில் counter1 இருக்கக் கூடாது, உங்களுக்குத் தெரியாத வேறு பெயரும் இருக்கக் கூடாது.

சாதாரணக் கணக்கால் கணினியின் தேதியை மாற்ற முடியாது, பழைய தேதியில் பில் போடும் ஒரு வழி அதோடு அடைபடும். முழுக்க அடைபடாது. விண்டோஸில் சாதாரணப் பயனரும் நேர மண்டலத்தை மாற்றலாம், அதுதான் இயல்பு அமைப்பு. மண்டலம் மாறினால் திரையில் காட்டும் நேரம் சில மணி நேரம் நகரும், தேதிகூட மாறலாம். பதிவேட்டில் பில் எண் ஏறிக்கொண்டே போக நேரம் மட்டும் பின்னால் போயிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஒரு வரம்பையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மென்பொருள் தகவலை ஒரே கோப்பில் வைக்கும் வகை என்றால், பில் போட கவுண்டர் கணக்குக்கு அந்தக் கோப்பில் எழுதும் உரிமை வேண்டும். எழுத முடிந்தவர் நகலெடுத்து மேலே ஒட்டவும் முடியும். விண்டோஸ் உரிமையால் இதை முழுக்கத் தடுக்க முடியாது. தகவல் வேறு கணினியிலோ இணையச் சேவையிலோ இருந்து, கவுண்டர் அதை மென்பொருள் வழியாக மட்டும் தொட்டால்தான் இது தீரும். அதுவரை அந்தப் பில் எண் நோட்டுதான்.

இணையச் சேவை என்றாலும் ஒன்று பாருங்கள். கவுண்டர் கணினியின் உலாவியில் உங்கள் மின்னஞ்சல் திறந்திருக்கிறதா? "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் இணைப்பு அந்த அஞ்சலுக்குத்தான் வரும். முப்பது டிக்கையும் எடுத்துவிட்டு மின்னஞ்சலைத் திறந்து வைத்தால், கவுண்டரில் இருப்பவர்தான் அட்மின்.

---

கவுண்டர்2 எழுதியது:

மின்னஞ்சல் விஷயம் நெசம். பிரிண்ட் எடுக்க அனுப்புற பைலுக்காக எல்லாக் கடையிலயும் அது தெறந்துதான் கெடக்கும்.

---

கணக்குப்புள்ளி எழுதியது:

நேற்று உட்கார்ந்து செய்துவிட்டேன். கவுண்டர் இருவருக்கும் தனிப் பயனர். பில் போடுதல், அச்சுக்கு முன் வரி நீக்கம், 5 சதவீதம் வரை தள்ளுபடி, ஹோல்ட், இவ்வளவுதான். சரக்குக்காரருக்குக் கொள்முதல் பதிவும் இருப்புச் சரிசெய்தலும் மட்டும். கணக்காளருக்குப் பார்வை, ஏற்றுமதி, கிரெடிட் நோட். எனக்கே இரண்டு கணக்கு, கவுண்டரில் உட்கார்ந்தால் கவுண்டர் கணக்குதான்.

பிறகு கவுண்டர் பயனராக நுழைந்து ஒவ்வொன்றாக முயன்று பார்த்தேன். மெனுவில் இருப்புச் சரிசெய்தல் தெரியவில்லை, நல்லது. ஆனால் பழைய குறுக்கு விசையை அழுத்தினால் அதே திரை திறக்கிறது, சேமிக்கவும் விடுகிறது! மெனுவை மட்டும் மறைத்திருக்கிறார்கள். விற்றவர்களிடம் சொன்னேன், அடுத்த பதிப்பில் பார்க்கிறோம் என்றார்கள்.

---

சாவிக்கொத்து எழுதியது:

நல்ல வேளை சோதித்தீர்கள், டிக்கை எடுத்தோம் என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். சரியாகும் வரை, இருப்புச் சரிசெய்தல் அறிக்கையைப் பயனர் பெயரோடு வாரம் ஒருமுறை எடுங்கள். அதில் சரக்குக்காரர் பெயரும் உங்கள் பெயரும் தவிர வேறு எதுவும் வரக் கூடாது. வந்தால் அந்தத் தேதி ரத்துகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பில் திருத்தம், ஹோல்ட் அழிப்பு, மதிப்பீட்டு அச்சு மூன்றுக்கும் குறுக்கு விசை இருக்கிறதா என்று அதே முறையில் பார்த்துவிடுங்கள்.

---

வேகவிரல் எழுதியது:

எங்க மென்பொருள்லயும் இப்போதான் அழுத்திப் பார்த்தேன். திறக்குது. ஆனா சேமிக்கும்போது "அனுமதி இல்லை"ன்னு சொல்லுது. அது பரவாயில்லைதானே?

---

சாவிக்கொத்து எழுதியது:

சேமிக்காவிட்டால் பரவாயில்லை. திரையில் கொள்முதல் விலை தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

---

கவுண்டர்2 எழுதியது:

எல்லாம் சரிங்கண்ணா, ஒண்ணு மட்டும் இன்னும் ஒதைக்குது. லாகின் ரெண்டு, கல்லாப் பெட்டி ஒண்ணு. மதியம் நான் சாப்பிடப் போறப்போ அவரு உக்காருவாரு, அரை மணி நேரத்துல திரும்பி வந்துடுவேன். ஒவ்வொரு தடவையும் எண்ணிக் குடுத்து எண்ணி வாங்க முடியாது. ராத்திரி 200 கொறஞ்சா, பில்லு யாரு போட்டதுன்னு தெரியும், பணம் யாரு கையில கொறஞ்சதுன்னு எப்படித் தெரியும்?